‘நான்’ நிறைந்த மெயிலைப் படிப்பவர் பக்கம் திருப்புவது எப்படி?

போன புரட்டாசியில் என் அண்ணன் மகன் ஒரு மெயில் எழுதி, மதுரை, திண்டுக்கல் பக்கம் இருக்கிற பன்னிரண்டு ஸ்வீட் கடைகளுக்கு அனுப்பினான். ஒரு வாரம் ஆகியும் ஒருவரும் பதில் போடவில்லை. “அத்தை, மெயிலே போய்ச் சேரலையோ என்னமோ” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கும் கடிதமும் பார்க்கிற வேலை எனக்கு. ஃபேக்ஸ் காலத்தில் ஆரம்பித்தது. அந்த உரிமையில் வந்திருந்தான்.

மெயில் போய்த்தான் சேர்ந்திருந்தது. அதில் இருந்தது இது:

> பொருள்: என்னுடைய புதிய தொழில் அறிமுகம்
>
> ஐயா, வணக்கம்.
>
> நான் குமுளியில் இருந்து எழுதுகிறேன். நான் பி.காம். முடித்துவிட்டு இந்த வருடம் என் அப்பாவின் ஏலக்காய் வியாபாரத்தில் சேர்ந்திருக்கிறேன். நான் தோட்டக்காரர்களிடம் நேரடியாகக் காய் வாங்குகிறேன். நான் 8 மி.மீ., 7 மி.மீ. என்று தரம் பிரித்து விற்கிறேன். எனக்கு தீபாவளிக்குள் பத்துப் பெரிய கடைகளைப் பிடிக்க வேண்டும் என்று ஓர் இலக்கு இருக்கிறது. நான் உங்கள் கடைக்கும் சப்ளை செய்ய விரும்புகிறேன். நான் 5 கிலோ பையாகவும் அனுப்புவேன். நான் விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன். நான் உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

ஒன்பது வாக்கியம். எட்டு ‘நான்’ என்று தொடங்குகிறது, மிச்சம் ஒன்று ‘எனக்கு’ என்று தொடங்குகிறது. ‘உங்கள்’ என்ற சொல் இரண்டே இடத்தில் வருகிறது. அந்த இரண்டும்கூட இவன் ஆசையைச் சொல்லத்தான் வந்திருக்கின்றன: உங்கள் கடைக்கு விற்க ஆசை, உங்கள் பதிலைப் பார்க்க ஆசை.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதுகிற கடிதம் பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பம். எனக்குக் காய்ச்சல், என்னால் வர இயலவில்லை, எனக்கு இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முழுக்க முழுக்க ‘நான்’. அந்த இடத்தில் அது சரி, ஏனென்றால் காய்ச்சல் நமக்குத்தான். ஆனால் அந்த அச்சு கையில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. வேலைக்கு விண்ணப்பம், சரக்கு விற்கிற மெயில், வங்கிக்குப் போகிற கடிதம் என்று எல்லாமே விடுப்பு விண்ணப்பமாகவே வெளியே வருகின்றன.

வணிகவியல் பாடத்தில் இதற்கு மாற்றாக ‘யூ ஆட்டிட்யூட்’ என்று ஒன்றைச் சொல்லித் தருவார்கள். எழுதுகிறவர் என்ன நினைக்கிறார் என்பதை விட்டுவிட்டு, படிக்கிறவருக்கு என்ன வேண்டும் என்ற இடத்தில் நின்று எழுதுவது. மருமகனும் பரீட்சைக்கு அதைப் படித்திருக்கிறான். “அப்ப ‘நான்’ எல்லாத்தையும் எடுத்துர்றேன்” என்று கிளம்பினான். இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றும்.

அவன் எடுத்தபின் மெயில் இப்படி ஆனது: “குமுளியில் இருந்து எழுதுகிறேன். பி.காம். முடித்துவிட்டு இந்த வருடம் அப்பாவின் ஏலக்காய் வியாபாரத்தில் சேர்ந்திருக்கிறேன். தோட்டக்காரர்களிடம் நேரடியாகக் காய் வாங்குகிறேன்.” பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, இயல்பான தமிழாகக்கூட இருக்கிறது. ஆனால் ‘நான்’ எங்கும் போகவில்லை. வாக்கியத்தின் தலையில் இருந்து இறங்கி வாலில் உட்கார்ந்துகொண்டது. எழுதுகிறேன், சேர்ந்திருக்கிறேன், வாங்குகிறேன். அந்த ‘ஏன்’ விகுதியே ‘நான்’தான்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள், பாதிப் பேர் தமிழ். அதனால் இந்த வித்தியாசம் எங்களுக்குச் சட்டென்று பிடிபடும். மலையாளத்தில் “ஞான் இன்னலெ அயச்சு” என்றாலும் “நிங்ஙள் இன்னலெ அயச்சு” என்றாலும் வினை ஒன்றுதான், ‘அயச்சு’. யார் அனுப்பியது என்பதை ‘ஞான்’ என்ற சொல்தான் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்குள் அனுப்பியவர் இல்லை. தமிழில் ‘நேற்று அனுப்பினேன்’ என்றாலே ஆள் பிடிபட்டுவிடுவார். ஆகவே தமிழில் எழுதும்போது வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் பார்த்துத் திருத்தினால் போதாது, முடிவையும் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. கணினியில் மெயில் வரைவைத் திறந்துகொண்டு Ctrl+F அழுத்தி, ‘றேன்’ என்று தேடுங்கள். அப்புறம் ‘வேன்’, ‘னேன்’, ‘டேன்’, ‘தேன்’, ‘பேன்’. மருமகனின் மெயிலில் ‘றேன்’ ஏழு, ‘வேன்’ ஒன்று. எடுத்த எட்டு ‘நானு’ம் அப்படியே கணக்கில் வந்து நின்றன. (மலைத்தேன் விற்கிறவராக இருந்தால் ‘தேன்’ தேடும்போது சரக்கும் சேர்ந்து மாட்டும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.) கூடவே ‘என்’, ‘எனக்கு’, ‘என்னுடைய’ ஆகியவற்றையும் தேட வேண்டும். ‘நாங்கள்’ போட்டு எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் ‘றோம்’, ‘வோம்’ தேட வேண்டும். ஒருவரைப் பற்றிய மெயில் ஒரு குடும்பத்தைப் பற்றிய மெயிலாக மாறியதால் படிக்கிறவருக்கு ஒன்றும் கூடிவிடவில்லை.

இரண்டாவது முயற்சியாக அவன் செய்ததை அரசாங்க ஆபீசுகளில் தினமும் பார்க்கலாம். “தோட்டக்காரர்களிடம் நேரடியாகக் காய் கொள்முதல் செய்யப்படுகிறது. தரம் பிரிக்கப்பட்டு விற்பனை செய்யப்படுகிறது.” இப்போது ‘ஏன்’ இல்லைதான். ஆனால் ஆளே இல்லை. சுவரொட்டி பேசுகிற மாதிரி இருக்கிறது. மூன்றாவது முயற்சி அதைவிட மோசம்: “நீங்கள் எங்கள் ஏலக்காயை வாங்கினால் மிகவும் மகிழ்ச்சி அடைவீர்கள்.” ‘நான்’ இருந்த இடத்தில் ‘நீங்கள்’ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மகிழ்ச்சி அடைவாரா என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கடைக்காரருக்கு அது தெரியாதா என்ன!

“டேய், சொல்லை மாத்துறதை விடு. இந்த மெயிலைத் திறக்கிற ஆளு யாரு, அவருக்கு என்ன கவலைன்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்டேன். தெரியாது என்றான். அதுதான் விஷயம். படிப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது எழுத நம்மைப் பற்றி மட்டும்தான் இருக்கும். ‘நான்’ கூடிப்போவது பெரும்பாலும் அகம்பாவத்தால் இல்லை, கைவசம் வேறு தகவல் இல்லாததால்தான்.

அதனால் மெயிலை மூடிவைத்துவிட்டு முதலில் போனை எடுக்கச் சொன்னேன். கம்பத்தில் அவனுடைய நண்பன் வீட்டுக்குத் தெரிந்த ஒரு ஸ்வீட் மாஸ்டர் இருந்தார். அவர் பத்து நிமிடம் பேசினார். அதில் இருந்து இவன் குறித்துக்கொண்டு வந்ததைக் கீழே அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் மெயிலைத் திருத்தியது நான் இல்லை, அந்தப் பத்து நிமிடம்தான்.

“பெரிய காய் எதுக்கு? இடிச்சுத்தானப்பா போடுறோம். மணம் இருக்கணும், ஈரம் இருக்கக் கூடாது. பச்சைப் பசேல்னு இருந்தா எனக்குச் சந்தேகம்தான் வரும், சாயம் ஏத்திருப்பானோன்னு. அப்புறம், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது லாரி வரலேன்னு சொன்னா எங்க முதலாளி என்னைத்தான் பிடிப்பாரு. விலையை நடுவுல ஏத்துனா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.”

ஆறு விஷயம் சொல்லியிருக்கிறார் மனிதர்: அளவு முக்கியம் இல்லை, மணம், ஈரம், சாயம், நேரத்துக்கு வருவது, விலை நிற்பது. மருமகன் எழுதிய ஒன்பது வாக்கியத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. 8 மி.மீ. பெருமை மட்டும் இருக்கிறது, அதுதான் அவருக்குத் தேவையே இல்லாதது.

இதற்கு மேல்தான் திருத்தமே ஆரம்பிக்கிறது. முறை எளியது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, படிக்கிறவர் எதிரில் உட்கார்ந்து “சரி, அதனால எனக்கென்ன?” என்று கேட்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வந்தால் அந்தப் பதிலைத்தான் எழுத வேண்டும், பழைய வாக்கியத்தை இல்லை. பதில் வராவிட்டால் வாக்கியம் போக வேண்டும்.

“நான் 8 மி.மீ., 7 மி.மீ. என்று தரம் பிரித்து விற்கிறேன்.” அதனால எனக்கென்ன? இதில்தான் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தோம். ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, காயின் பருமனை வைத்துப் பிரிப்பார்கள். பெரிய காய்க்கு விலை கூட. முழுக் காயாகக் கண்ணில் படுகிற இடத்தில் அந்த விலைக்கு அர்த்தம் உண்டு: பரிசுப் பெட்டி, மளிகைக் கடைப் பாக்கெட், பிரியாணி. இடித்து லட்டுவிலும் பால்கோவாவிலும் கலந்த பிறகு அது எட்டா ஆறா என்று யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. மணம் உள்ளே இருக்கிற விதையில் இருக்கிறது. நன்றாக முற்றிய சின்னக் காய் அதைக் கொடுத்துவிடும். ஆகவே இவன் தரம் பிரிப்பதால் கடைக்காரருக்கு வருகிற நன்மை என்னவென்றால், தேவையில்லாத பருமனுக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்கலாம். அதை எழுதினால் வாக்கியம் தானாகவே அவர் பக்கம் திரும்பிவிடுகிறது: “பொடித்துச் சேர்க்கும் இனிப்புகளுக்கு 8 மி.மீ. காயின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, முற்றிய 6 மி.மீ. காயே போதும்.” கவனித்தீர்களா, இதில் ‘நான்’ இல்லை, ‘நீங்கள்’ என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் முழுக்க அவரைப் பற்றியது.

முதலில் மருமகன் “நீங்கள் ஏலக்காயை இடித்துத்தான் போடுவீர்கள்” என்று எழுதினான். அதை மாற்றச் சொன்னேன். முப்பது வருடம் அடுப்பு முன்னால் நின்றவருக்கு அவர் செய்கிற வேலையை விளக்குகிற தொனி அது. ‘பொடித்துச் சேர்க்கும் இனிப்புகளுக்கு’ என்றால், அப்படிச் செய்கிறவர் எடுத்துக்கொள்வார், முழுக் காய் போடுகிறவர் தாண்டிப் போய்விடுவார்.

வெடித்த காயை இன்னும் மலிவாகக் கொடுக்கலாமே என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கொடுக்கலாம், ஆனால் தோல் திறந்த காயில் மணம் சீக்கிரம் போய்விடும். வாங்கிய வாரமே தீர்த்துவிடுகிற கடைக்குத்தான் அது சரிப்படும். முதல் மெயிலில் அதைச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

“நான் தோட்டக்காரர்களிடம் நேரடியாகக் காய் வாங்குகிறேன்.” அதனால எனக்கென்ன? மருமகன் “நடுவுல ஆள் இல்ல, அதனால விலை கம்மி” என்றான். உண்மையா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒப்புக்கொண்டான். அப்படியானால் அதைச் சொல்லக் கூடாது. ஆனால் வேறு ஒரு பதில் இருந்தது. எந்தத் தோட்டத்துக் காய், எப்போது உலர்த்தியது என்று இவனுக்குத் தெரியும். ஏலக்காயில் நிறம் சேர்ப்பது சட்டப்படி கூடாது, ஆனாலும் சந்தையில் அந்தப் பயம் இருக்கிறது. மாஸ்டரின் சந்தேகத்துக்கு இந்த வாக்கியத்தில்தான் மருந்து இருந்தது. “காய் எந்தத் தோட்டத்தது என்று ஒவ்வொரு பையிலும் எழுதியிருக்கும். நிறம் சேர்த்ததில்லை. நாலு காயை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம்.” இவன் மனதில் இருந்த பெருமை, அங்கே போய்ச் சேரும்போது ஒரு சோதனையாக மாறிவிட்டது. கடைக்காரர் நம்ப வேண்டியதில்லை, தேய்த்துப் பார்த்தால் போதும்.

“எனக்கு தீபாவளிக்குள் பத்துப் பெரிய கடைகளைப் பிடிக்க வேண்டும்.” இதற்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் பதில் வராது. எடுத்தாயிற்று. “நான் உங்கள் கடைக்கும் சப்ளை செய்ய விரும்புகிறேன்” என்பதும் வேண்டாம். விருப்பம் இல்லாதவன் மெயில் போட மாட்டான்.

5 கிலோ பையில் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. ஏலக்காய் விலையுயர்ந்த சரக்கு. ஒரே தடவையில் மூட்டையாக வாங்கினால் கடைக்காரரின் பணம் முடங்கும், இருப்பு அறையில் காற்றுப் பட்டு மணமும் இறங்கும். ‘5 கிலோ பையாகவும் அனுப்புவேன்’ என்பது, ‘வாரா வாரம் தேவைக்கு மட்டும் 5 கிலோ பையாக எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஆனது. செய்கிறவர் மாறியதைப் பாருங்கள். முன்னே அனுப்புகிறவன் இவன், இப்போது எடுத்துக்கொள்கிறவர் அவர்.

விலையில் ஒரு சண்டையே வந்தது. தீபாவளி வரை விலை மாறாது என்று எழுதிவிடலாம் என்று மருமகன் துள்ளினான். படிக்கிறவருக்கு வேண்டியது அதுதானே! அண்ணன் உள்ளே இருந்து சத்தம் போட்டார். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கிற ஏலத்தில் விலை எப்படி ஏறும் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும், முந்தின வருடங்களில் கையைச் சுட்டுக்கொண்டவர். படிப்பவர் பக்கம் நின்று எழுதுவது என்றால் அவர் கேட்பதையெல்லாம் கொடுப்பதாகச் சத்தியம் செய்வது இல்லை. எது முடியுமோ அதை, அவர் திட்டம் போடத் தோதாகச் சொல்வது. கடைசியில் “15ஆம் தேதிக்குள் ஆர்டர் சொன்னால் இதே விலை” என்று முடிவானது. தேதி இருப்பதால் மாஸ்டர் தன் முதலாளியிடம் போய் நின்று பேச முடியும்.

விலை இணைப்பில் இருந்ததையும் வெளியே எடுத்தோம். கடைக்காரர் போனில் மெயில் பார்க்கிறவர், கையில் மாவு. இணைப்பைத் திறக்க மாட்டார். அதே காரணத்தால்தான் தலைப்பும் முதல் வரியும் முக்கியம். போனில் மெயில் பெட்டியைத் திறந்தால் கண்ணில் படுவது அனுப்பியவர் பெயர், தலைப்பு, முதல் வரியில் சில சொற்கள், அவ்வளவே. அந்தச் சில சொற்களை ‘நான் குமுளியில் இருந்து எழுதுகிறேன்’ என்று செலவழித்திருந்தான்.

“அப்ப நான் யாருன்னே சொல்ல வேணாமா அத்தை?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. தெரியாதவன் மெயில் போட்டால் யார் இவன் என்று பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கேள்வி வருவது சரக்கில் ஆர்வம் வந்த பிறகு. அதனால் அறிமுகம் கீழே, கையெழுத்துக்கு மேலே ஒரே வரியாகப் போய்விட்டது. பி.காம். போய்விட்டது. அண்ணன் முப்பது வருடமாக இதே தெருவில் கடை வைத்திருப்பது உள்ளே வந்தது. பணத்தை அனுப்பப்போகிறவருக்குப் பட்டத்தைவிட அதுதான் ஆறுதல்.

கடைசியாக, “நான் உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.” பதிலில் அவர் என்ன எழுத வேண்டும் என்று இதில் இல்லை. ஆர்டரா, விசாரிப்பா, நன்றியா? ஒரே ஒரு சின்ன வேலையைக் கேட்க வேண்டும், ஒரு வரியில் அவர் முடிக்கிற மாதிரி.

இப்படி வந்து நின்றது:

> பொருள்: தீபாவளி இனிப்புக்கு ஏலக்காய், 100 கிராம் மாதிரி இலவசம்
>
> ஐயா, வணக்கம்.
>
> பொடித்துச் சேர்க்கும் இனிப்புகளுக்கு 8 மி.மீ. காயின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. முற்றிய 6 மி.மீ. காயே போதும், மணம் குறையாது. இன்றைய விலை கிலோ ரூ. ____. 15ஆம் தேதிக்குள் ஆர்டர் சொன்னால் இதே விலை.
>
> வாரா வாரம் தேவைக்கு மட்டும் 5 கிலோ பையாக எடுத்துக்கொள்ளலாம். திங்கள் காலை சொன்னால் புதன் மதியத்துக்குள் உங்கள் கடைக்கு வந்துவிடும்.
>
> காய் எந்தத் தோட்டத்தது என்று ஒவ்வொரு பையிலும் எழுதியிருக்கும். நிறம் சேர்த்ததில்லை. நாலு காயை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம். பையைப் பிரித்ததும் ஈரமோ பூஞ்சையோ தெரிந்தால் மூன்று நாளுக்குள் சொல்லுங்கள். பையை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், லாரி வாடகையும் என் பொறுப்பு.
>
> மாதிரி வேண்டுமானால் கடை முகவரியையும், யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் மட்டும் பதிலில் எழுதுங்கள்.
>
> குமுளியில் முப்பது வருடமாக அப்பா நடத்தும் கடை எங்களுடையது.

கீழே பெயர், போன் எண், ஜிஎஸ்டி எண். விலையை இங்கே கோடாக விட்டிருக்கிறேன், ஏலம் நடக்கிற ஒவ்வொரு நாளும் மாறுகிற சமாச்சாரம் அது.

மெயில் நீளம் குறையவில்லை, கூடியிருக்கிறது. ‘நானை’க் குறைத்தால் மெயில் சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய மெயிலில் இல்லாத தகவல் உள்ளே வந்தால் எப்படிச் சுருங்கும்? திரும்பவும் ‘றேன்’ தேடினால் ஒன்றே ஒன்று மாட்டும்: ‘பையை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்’. அதில் ‘நான்’ என்ற சொல்லும் கூடவே நிற்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்று நானே பிடிவாதமாகச் சொன்னேன். ‘பை திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்’ என்றால் யார் எடுப்பார், எப்போது எடுப்பார்? பொறுப்பு ஏற்கிற இடத்தில் படிப்பவருக்கு வேண்டியதே ஓர் ஆளின் பெயர்தான். அங்கே ‘நான்’ அவருக்காகத்தான் இருக்கிறது.

இந்த வித்தியாசம் பிடிபடாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அடுத்த மாதமே பார்த்தோம். ஒரு கடைக்குப் போக வேண்டிய பை இன்னொரு கடைக்குப் போய்விட்டது. மருமகன் கற்றுக்கொண்டதை அப்படியே போட்டு எழுதியிருந்தான்: “பைகள் மாறிவிட்டன. இதனால் உங்களுக்கு ஏற்பட்ட சிரமம் புரிகிறது.” ‘நான்’ சுத்தமாக இல்லை. பைகள் தாமாக எழுந்து லாரி மாறிக்கொண்ட மாதிரி இருந்தது. “சீட்டை மாற்றி ஒட்டியது நான்தான். சரியான பை இன்று மாலை லாரியில் ஏறுகிறது, நாளை காலை பத்து மணிக்குள் வரும். தவறாக வந்த பையை அதே டிரைவர் எடுத்துக்கொள்வார்” என்று மாற்றினோம். மன்னிப்புக் கேட்கும்போது, வாக்குக் கொடுக்கும்போது, கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது ‘நானை’ ஒளித்தால் நழுவுகிற மாதிரிதான் தெரியும்.

‘நீங்களு’க்கும் அப்படி ஓர் இடம் உண்டு. பணம் வராதபோது “நீங்கள் இன்னும் பணம் அனுப்பவில்லை” என்று எழுதினால், படிப்பவரை மையத்தில் வைத்ததுதான், ஆனால் கூண்டில் ஏற்றி வைத்தது. “3ஆம் தேதி பில்லுக்கான பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. வங்கியில் தாமதமா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?” என்றால் பணத்தைப் பற்றிய வாக்கியம். குற்றம் சாட்டும் இடத்தில் ஆளை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றி எழுதுவதுதான் எனக்குப் பழக்கம். அண்ணனுக்கு இதில் உடன்பாடு இல்லை, நேராகக் கேட்டால்தான் பணம் வரும் என்பார்.

புது மெயில் அதே பன்னிரண்டு கடைகளுக்குப் போனது. நாலு பேர் முகவரி அனுப்பினார்கள். ஐந்தாவதாக ஒருவர் திண்டுக்கல்லில் இருந்து ஒரே வரி எழுதியிருந்தார்: “5 கிலோ பை பிரித்த பிறகு எத்தனை நாள் மணம் தாங்கும்?” நாங்கள் யோசிக்காமலே விட்ட கேள்வி அது. மருமகன் பதில் எழுத உட்கார்ந்து ‘நான்’ என்று அடித்தான், அழித்தான், பிறகு மாடிக்கு ஓடி, போன மாதம் பிரித்துவைத்த பையில் இருந்து இரண்டு காயை எடுத்துவந்து உடைத்து முகர்ந்து பார்த்தான்.

“ஒரு மாசம் ஆச்சு அத்தை. காத்துப் போகாமக் கட்டி வச்ச பைதான். நல்லாத்தான் இருக்கு” என்றான். அதை அப்படியே எழுதச் சொன்னேன். அடுத்து அனுப்பிய மெயில்களில் 5 கிலோ பை வருகிற வரிக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டது.